அரைக் கிலோ தக்காளி

ஐம்பது நொடி ரீல், செங்குத்துப் படம்

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கதை திண்டுக்கல்லில், விளக்கு போடும் நேரத்தில் நடக்கிறது. தள்ளுவண்டியில் நாட்டுத் தக்காளிதான் இருக்க வேண்டும், பெங்களூர்த் தக்காளி வேண்டாம். நாட்டுப் பழத்துக்குத் தோல் மெல்லிசு. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பெட்டியில் வரும்போதே அடியில் இருப்பது நசுங்கிவிடும், சாயங்காலம் நீர் விட ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியது அந்த நசுங்கல். விலை அட்டையில் கிலோ 30 என்று எழுதுங்கள். 2023 ஜூலை மாதிரி நூறைத் தாண்டிய விலை போட்டால் நசுங்கினதுக்கும் ஆள் நிற்கும், கதை படுத்துவிடும்.

காய்க்கார அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பின்னணிக் குரலும் அவருடையதே. பெரியவருக்கு எழுபதுக்கு மேல். வேட்டி, கையில் மஞ்சப் பை, முகத்தில் கண்ணாடி கிடையாது. இது முக்கியம்.

0 – 7 நொடி

தக்காளிக் குவியல், மிக அருகில். சுருக்கம் விழுந்த கை ஒன்று நல்ல பழங்களை ஒதுக்கிவிட்டு, வெடித்த ஒன்றை எடுக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறது. தட்டில் வைக்கிறது.

அக்காவின் குரல்: "இந்த ஐயா தெனமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாரு. அரைக் கிலோதான்."

7 – 16

இன்னொரு நசுங்கல். இன்னொன்று. அக்காவின் முகம்: உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்.

குரல்: "பொறுக்கிப் பொறுக்கி எடுப்பாரு. எடுக்கிறது பூரா சொத்தையாத்தான் இருக்கும். கண்ணு தெரியல, பாவம். கண்ணாடி வாங்கிப் போட ஆளில்ல போல."

16 – 27

பெரியவர் தெருப் பக்கம் திரும்பிச் சட்டைப் பையில் சில்லறை தேடுகிறார். (கேமரா அவர் முதுகோடு நிற்கட்டும். முகத்தை இங்கே காட்டினால் எல்லாம் போச்சு.) அக்காவின் கை வேகமாகத் தட்டைக் கவிழ்த்து, குவியலின் மேலிருந்து நல்ல பழங்களை அள்ளிப் போடுகிறது. எடை மெஷினில் 0.500. ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு.

குரல்: "அவரு கிட்டச் சொன்னா சங்கடப்படுவாரு. அதான், அந்தப் பக்கம் திரும்புறப்ப மாத்திப் போட்டுருவேன்."

பெரியவர் காசைக் கொடுக்கிறார்.

பெரியவர்: "வரட்டா தாயி."

அக்கா: "பாத்துப் போங்கய்யா, பள்ளம் இருக்கு."

27 – 35

வீட்டுத் திண்ணை. இனிமேல் குரல் கிடையாது, இசையும் வேண்டாம். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கும் பெரியவரின் மனைவி, ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டுகிறார். பெரியவர் வாங்கி, மங்கிய வெளிச்சத்தில் ஒரே தடவையில் நூலைக் கோத்துக் கொடுக்கிறார். அவருக்கு இது தினப்படி வேலை, அதனால் ஊசியை உற்றுப் பார்க்கக் கூடாது. நடிக்கிறவர் வீட்டில் ஐம்பது தடவையாவது கோத்துப் பழகிவிட்டு வரட்டும். வெட்டி ஒட்டி ஏமாற்ற முடியாத ஷாட் இது.

35 – 44

மனைவி மஞ்சப் பையை முறத்தில் கொட்டுகிறார். தக்காளி உருள்கிறது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

மனைவி: "ஏங்க, நசுங்கினதா எடுத்து வாறேன்னுதான போனீங்க? பொழுது போனா அதை யாரும் வாங்க மாட்டாங்கன்னு?"

பெரியவர் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

பெரியவர்: "இன்னைக்கும் மாத்திட்டா."

அலுப்பாகச் சொல்ல வேண்டும், சீட்டாட்டத்தில் தோற்றவர் மாதிரி. கண் கலங்கினால் அந்த டேக் வேண்டாம்.

44 – 50

தெரு. வண்டியில் தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது. தராசுக்குப் பக்கத்தில் பெரியவர் பொறுக்கி வைத்த அதே தக்காளிகள், எட்டு. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தூக்குவாளிப் பைக்குள் போடுகிறார். கடைசிப் பழம் கையிலேயே பிதுங்கிவிடுகிறது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளுகிறார்.

சக்கரம் கிறீச்சிடும் சத்தம். இருட்டு.