கிச்சன் சுவர்ல இருக்கற ரூல்ஸ், தமிழ்ல (முழுசா படிச்சிடு மா)

தங்கச்சி, நேத்து நீ வந்து சேர்ந்த களைப்புல கிச்சன் சுவர்ல ஒட்டியிருந்த பேப்பரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி "அக்கா இதுல என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டல்ல, நானும் அவசரத்துல போன்ல இருக்கற மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டு வந்ததை அப்படியே உனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். அது தப்பு. அந்த மெசேஜை முதல்ல டெலீட் பண்ணிடு. காலைல உக்காந்து நிதானமா பாத்தேன், மாடி ரூம் அண்ணாவுக்கு ஓனரம்மாவோட மொழி நல்லா தெரியும், அவரை பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு வரி விடாம சரி பாத்து இதை எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், ஆனா இன்னிக்கு அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி படிச்சிடு.

ஆப் ஏன் குழம்பிச்சுன்னா, அந்த பேப்பர் ரெண்டு பத்தியா எழுதியிருக்கு, இடது பக்கம் எட்டு, வலது பக்கம் ஆறு. ஆப் அதை பத்தியா படிக்காம குறுக்கால படிச்சிடுச்சு, அதனால இடது பக்க ரூலோட பாதியும் வலது பக்க ரூலோட பாதியும் ஒட்டிக்கிட்டு "கேஸ் வால்வை வாரம் ஒரு தடவை சோப்பு போட்டு கழுவவும்"னு வந்துச்சு. அப்புறம் மேல பிளாஸ்டிக் உறை போட்டிருக்கறதால டியூப்லைட் வெளிச்சம் பட்டு நடுவுல ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கு பாரு போட்டோல, அந்தக் கோட்டுக்கு அடியில ஒரு சின்ன சொல் ஒளிஞ்சு போச்சு. அந்த சொல் "கூடாது".

அது எந்த வரியில தெரியுமா, எண்ணெய் தீப்பிடிச்சா என்ன பண்ணணும்ங்கற வரியில. ஆப் உனக்கு சொன்னது "எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவும்". ஓனரம்மா எழுதினது தண்ணி ஊத்தவே கூடாதுன்னு, கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்காங்க. எரியற எண்ணெய்ல தண்ணி விழுந்தா அது அடியில போய் ஒரே நொடில ஆவியாகும், ஒரு பங்கு தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1700 பங்கு இடம் கேக்கும், அந்த வேகத்துல எரியற எண்ணெயை அப்படியே மேல தூக்கி அடிக்கும், கூரை வரைக்கும் நெருப்பு போகும். காலைல இதை படிச்சதும் எனக்கு கை நடுங்கிச்சு, நான் தானே உனக்கு அனுப்பினேன்.

சரியான ரூல் இது: எண்ணெய் தீப்பிடிச்சா கை எட்டினா அடுப்பை ஆஃப் பண்ணு, மூடியால வாணலியை மூடு, வாணலியை தூக்கிட்டு ஓடாதே, மூடியை சீக்கிரம் திறந்தும் பாக்காதே, நல்லா ஆறட்டும். அடங்கலைன்னா கதவை சாத்திட்டு வெளிய வந்துடு, எல்லாரையும் எழுப்பு, ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணு, பொருளை எடுக்கன்னு திரும்ப உள்ள போகாதே. ஆப் "அடுப்புக்குப் பக்கத்தில் போர்வை தொங்க வேண்டும்"னு ஒண்ணு சொல்லுச்சே, நீ கூட சிரிச்சு ஸ்மைலி போட்ட, அது நெருப்பணைக்கற போர்வை மா. அடுப்புக்கு இந்தப் பக்கம் சுவர்ல சிவப்புப் பெட்டி இருக்குல்ல, அதுல கீழ தொங்கற ரெண்டு பட்டையை இழுத்தா வெளிய வரும், உன் கை மறையற மாதிரி ஓரத்தை மடிச்சு பிடிச்சுக்கிட்டு வாணலி மேல போத்தணும். அந்தப் பெட்டிக்கு முன்னாடி எதுவும் வைக்கக் கூடாதுங்கறது தான் அந்த ரூல். சாயங்காலம் வந்ததும் எப்படி பிடிக்கறதுன்னு காட்டறேன்.

கேஸ் வாசனை வந்தா: லைட் சுவிட்ச் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் தொடாதே, சுவிட்ச்ல வர்ற சின்ன பொறி போதும். ஜன்னல் கதவெல்லாம் திற, வால்வை மூடு (சிங்குக்கு அடியில வலது பக்கம், மஞ்சள் கைப்பிடி, குழாய்க்கு குறுக்கால இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம்), வெளிய போ, போன் பண்றது வெளிய போன அப்புறம் தான். ஆப்ல இந்த ரூல் தான் அந்த சோப்பு போட்டு கழுவற ரூலோட கலந்து போச்சு.

சமைக்கும்போது ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கணும்னு எழுதியிருக்காங்க, குளிர்னாலும். காத்து பத்தாம கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, அதனால இதை லேசா எடுத்துக்காதே. கூரையில இருக்கற புகை அலாரம் சமைக்கும்போது கத்தினா பேட்டரியை கழட்டக் கூடாது, ஜன்னலைத் திறந்து துண்டால விசிறு போதும். ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி அதுல இருக்கற பட்டனை அழுத்தி டெஸ்ட் பண்ணணும், அது அந்த மாசம் கிளீனிங் முறை முதல்ல வர்றவங்க வேலை.

நேரம் விஷயத்துலயும் ஒரு குழப்பம். ஓனரம்மா கையெழுத்துல 1க்கு மேல நீளமா ஒரு கொம்பு இருக்கும், 7க்கு நடுவுல ஒரு கோடு இருக்கும், ஆப் அந்த கோட்டை அடிச்சு விட்டதுன்னு நினைச்சுதோ என்னமோ 7ஐ 1ன்னு படிச்சிடுச்சு. ராத்திரி 10ல இருந்து காலை 1 இல்ல, காலை 7 வரைக்கும் மிக்ஸி, வாஷிங் மெஷின் ரெண்டும் போடக் கூடாது. கீழ் ரூம்ல இருக்கறவங்க அப்ப தான் தூங்குவாங்க.

ஃபிரிட்ஜ்: மேல இருந்து ரெண்டாவது தட்டு உனக்கு. பச்சைக் கறி, மீன் எதுவா இருந்தாலும் யாரோடதா இருந்தாலும் டப்பால போட்டு எல்லாத்துக்கும் கீழ் தட்டுல தான், தண்ணி சொட்டி மத்தவங்க சாப்பாட்டுல விழக் கூடாதுன்னு. ஆப் இதை "இறைச்சி கீழே வைக்கவும்"னு சொல்லுச்சு, தரைல வைக்கறதான்னு நீ கேட்டது நியாயம் தான். சமைச்சதை வெளிய 2 மணி நேரத்துக்கு மேல விடாம உள்ள வை. டப்பா மேல பேரும் தேதியும் எழுதணும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேர் இல்லாத டப்பா எல்லாம் குப்பைக்கு போகும். உள்ள இருக்கற டயலை 4 டிகிரில வச்சிருக்கோம், திருப்பாதே.

சிங்க்ல எண்ணெய் ஊத்தாதே, சூடா இருக்கும்போது தண்ணி மாதிரி போகும், உள்ள ஆறி இறுகி குழாயை அடைச்சிடும். ஆற விட்டு டப்பால ஊத்தி குப்பைல போடு. கத்தியை நுரை தண்ணிக்குள்ள போட்டு வைக்காதே, இது கீழ பென்சில்ல சின்னதா எழுதியிருக்கு, போட்டோல ஓரம் வெட்டுப்பட்டு போச்சு. பாத்திரம் கழுவற மெஷின்ல கையால தேய்க்கற லிக்விடை ஊத்தக் கூடாது, ரெண்டுக்கும் ஆப் "சோப்பு"ன்னு ஒரே சொல்லை போட்டிருக்கு. மெஷினுக்கு தனி மாத்திரை இருக்கு, நீல டப்பா. தப்பா ஊத்தினா நுரை கதவு வழியா வெளிய வந்து தரையெல்லாம் வழியும்.

பிளீச்சையும் ஆசிட் கிளீனரையும் சேத்து ஊத்தாதே, வினிகரும் அப்படித்தான், குளோரின் கேஸ் வரும். ரெண்டையும் வேற வேற அலமாரில வச்சிருக்கறது அதுக்குத்தான், மாத்தி வைக்காதே.

இப்ப விருந்தாளி ரூல். இதை தனியா சொல்லணும். ஆப் உனக்கு "விருந்தினர்களுக்கு அனுமதி இல்லை"ன்னு காட்டியிருக்கும். நான் வந்த புதுசுலயும் இதே தான் காட்டுச்சு, யாரையும் கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு அப்படியே நம்பிட்டேன். எங்க அம்மா ரெண்டு நாள் வந்து இருந்துட்டு போறேன்னு ஆசையா சொன்னாங்க, டிக்கெட் கூட பாத்து வச்சிருந்தாங்க, நான் இங்க விட மாட்டாங்கம்மான்னு சொல்லி வேணாம்னுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லலை, சரிம்மான்னு போனை வச்சிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஓனரம்மாவே "உன் வீட்ல இருந்து ஏன் யாருமே வரலை"ன்னு கேட்டப்ப தான் அந்த வரியோட முழு அர்த்தம் தெரிஞ்சுது: ராத்திரி தங்கற விருந்தாளி இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சொல்லாம அனுமதி இல்லை. அவ்வளவு தான். "சொல்லாம" போயிடுச்சு, அம்மாவும் வரலை. அதனால தான் உனக்கு இவ்வளவு எழுதறேன், உங்க வீட்ல யாரு வந்தாலும் முந்தின நாள் குரூப்ல போட்டா போதும், எக்ஸ்ட்ரா பாயும் தலகாணியும் என் ரூம்ல இருக்கு.

இன்னொண்ணு, ஆப் எல்லாத்தையும் "செய்", "கழுவு", "மூடு"ன்னு அதட்டற மாதிரி கொடுத்திருக்கு, நீ கூட "ரொம்ப ஸ்ட்ரிக்ட் போல"ன்னு பயந்து கேட்ட. அண்ணா சொல்றார் மூலத்துல முழுக்க மரியாதையா தான் எழுதியிருக்காங்களாம், நம்ம "தயவுசெஞ்சு கழுவி வச்சிடுங்க" மாதிரி. பாத்திரத்தை "உடனே" கழுவணும்னு வந்தது கூட நிஜத்துல "தூங்கப் போறதுக்கு முன்னாடி". ஓனரம்மாவை பாத்தா பயப்படாதே, நல்ல மனுஷி.

கிளீனிங் முறை ஆளுக்கு ஒரு வாரம், திங்கள் டு ஞாயிறு. உன்னோடது இந்த மாசம் மூணாவது வாரம். அடுப்பு மேடை, சிங்க், தரை, குப்பை, அவ்வளவு தான். முதல் தடவை நானும் கூட நிக்கறேன்.

இதையெல்லாம் சுருக்கி தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி அந்தப் பேப்பருக்கு பக்கத்துலயே ஒட்டியிருக்கேன், தீ வரியும் கேஸ் வரியும் சிவப்பு மை. பழைய பேப்பரை கழட்டாதே, அது தான் மூலம். ஏதாவது வரி இடிச்சா என்னையோ அண்ணாவையோ கேளு, ராத்திரியா இருந்தாலும் கதவைத் தட்டு. படிச்சிட்டு ஒரு மெசேஜ் போடு மா, தண்ணி விஷயத்தை படிச்சிட்டேன்னு மட்டும் போட்டா போதும், அது வர்ற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது.