விளையாட்டு விழாவிலிருந்தும் உடற்பயிற்சி வகுப்பிலிருந்தும் மகளுக்கு விலக்குக் கேட்டு ஒரு கடிதம்

அனுப்புநர்
ச. முத்துலட்சுமி,
(எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ச. மகேஸ்வரியின் தாயார்)
கிழக்குத் தெரு,
கோவில்பட்டி வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உடற்கல்வி ஆசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

வழி: எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு வகுப்பாசிரியை அவர்கள்

நாள்: 04.02.2025

பொருள்: கணுக்கால் சுளுக்கு – 14.02.2025 விளையாட்டு விழாவிலிருந்தும், 24.02.2025 வரை உடற்பயிற்சி வகுப்புகளிலிருந்தும் விலக்கு அளிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் மகேஸ்வரிக்குச் சென்ற சனிக்கிழமை வலது கணுக்காலில் பலமாகச் சுளுக்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஓடவோ குதிக்கவோ கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி நடக்கும் விளையாட்டு விழாவில் நீல அணிக்காக 200 மீட்டர், 4×100 தொடர் ஓட்டம், நீளம் தாண்டுதல் மூன்றிலும் அவள் பெயர் இருக்கிறது. மூன்றிலிருந்தும் அவளை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடிபட்டது பள்ளியில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உளுந்து எடுத்த காட்டில் தம்பியை நிற்க வைத்துக்கொண்டு, வீட்டுப் பூரிக்கட்டையைக் கையில் பிடித்துத் தொடர் ஓட்டத்துக்குப் பழகியிருக்கிறாள். பின்னால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி வாங்கப் பழகணும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். அப்படி வாங்கிக்கொண்டு ஓடும்போது கரிசல் மண்ணில் இருந்த வெடிப்புக்குள் கால் இறங்கி, பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எங்கள் ஊர்க் காட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்து ஈரம் காய ஆரம்பித்தால் கால் பாதம் போகிற அளவுக்குப் பிளந்துவிடும். தம்பிக்காரன் ஓடிவந்து சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். போய்ப் பார்த்தால் வெளிக்கணுக்கால் பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. காலை ஊன்றி நாலு அடி வைக்கச் சொன்னேன், முடியவில்லை.

என் மாமியார் உடனே நல்லெண்ணெயைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற அக்கா ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டு உருவிவிட்டால் காலையில் ஓடிவிடுவாள் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அவள் அப்பா வண்டியில் உட்கார வைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, வெறும் பிடிப்பு இல்லை என்று மருத்துவர் சொன்னார். உருவிவிடவே கூடாது, முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சூட்டு ஒத்தடமும் கூடாது, வீக்கம் கூடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் வைக்கிறோம். கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிறாள். மாமியாருக்கு இன்னும் மனசில்லை. புளிப்பற்றாவது போடக்கூடாதா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நேற்று திங்கட்கிழமை எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டினோம். அவர் சொன்னதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். பதின்மூன்று வயதில் எலும்பின் நுனியில் வளருகிற பகுதி இன்னும் முழுசாக இறுகியிருக்காது. அந்த இடத்தில் அடிபட்டிருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் 13.02.2025 வியாழக்கிழமை ஒரு தடவை கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அது விழாவுக்கு முந்தின நாள். மகேஸ்வரி இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். “டாக்டர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நான் ஓடலாம்ல” என்கிறாள். நான் மருத்துவரிடமே கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை பார்ப்பது எலும்பை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான், ஓட அனுமதி கொடுக்க இல்லை என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார். வீக்கம் வற்றி வலி குறைவது ஒரு வாரத்தில் நடந்துவிடும், தசைநார் கூடி வலுவாவதற்கு அதைவிட நாள் ஆகும், அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் ஓடிப்போய் மறுபடி மடக்கிக்கொள்கிறார்கள் என்றார். ஒரு தடவை சரியாக ஆறாமல் விட்டால் அதே கால் அடிக்கடி பிசகுமாம்.

அதனால் முக்கியமாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் தானாக உங்களிடம் வந்து “சார், வலி இல்லை, 200 மட்டும் ஓடுறேன்” என்று நிற்பாள். மைதானத்தில் குதித்துக் காட்டினாலும் காட்டுவாள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நான் வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து உங்கள் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை எங்கள் வார்த்தைக்கு இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அணித் தலைவிகள் யாராவது “ஒரு ஆள் குறையுது, சும்மா கோட்டில் மட்டும் வந்து நில்” என்று கூப்பிட்டாலும் விட வேண்டாம். கோட்டில் நின்றால் அவள் ஓடிவிடுவாள்.

தொடர் ஓட்டத்தில் அவளுக்கு மூன்றாவது ஆள் இடம் கொடுத்திருந்தீர்கள். வளைவில் ஓடுகிற இடம், கட்டையை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். கடைசி நேரத்தில் புதிய பிள்ளையைப் போட்டால் கட்டை கை நழுவிவிடும் என்று அவளே சொல்கிறாள். இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் மாற்று ஆளைத் தேர்ந்தெடுத்துப் பழக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் மருத்துவரைப் பார்த்த மறுநாளே எழுதுகிறேன். யாரைப் போடலாம் என்பது உங்கள் முடிவு. அவள் ஒரு பெயரை வைத்திருக்கிறாள், கேட்டால் சொல்வாள். அந்தப் பிள்ளைக்குக் கட்டை மாற்றும் இடத்தில் அடி அளந்து குறி வைப்பதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளால் முடியும்.

அணிவகுப்பில் நீல அணிக் கொடி பிடிப்பதும் அவள்தான். நடப்பது தப்பில்லை, வலி பொறுக்கிற அளவுக்கு மெதுவாக நடக்கலாம் என்றுதான் மருத்துவரும் சொல்கிறார். ஆனால் காலை ஓங்கி மிதித்து நடப்பதும், விருந்தினர் பேசி முடிக்கிற வரை வெயிலில் விறைப்பாக நிற்பதும் வேண்டாம் என்றார். விருந்தினர் பேச்சு எவ்வளவு நேரம் போகும் என்பது நம் கையில் இல்லை. அதனால் கொடியையும் வேறு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள், ஓட்டத்துக்குக்கூட அழவில்லை.

விழாவன்று அவளை வீட்டில் நிறுத்திவைக்க எனக்கு விருப்பமில்லை. அவளுக்கும் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். புள்ளிக் கணக்கு எழுதுகிற மேசையிலோ, மைக் பக்கத்தில் முடிவுகளை வாசிக்கிற இடத்திலோ ஒரு நாற்காலி கொடுத்தால் போதும். கையெழுத்து நன்றாக இருக்கும், கணக்கிலும் தப்பு வராது. காலைச் சற்றுத் தூக்கி வைக்க எதிரே ஒரு ஸ்டூல் இருந்தால் நல்லது.

உடற்பயிற்சி வகுப்பு நாட்களில் அவள் மைதானத்துக்கு வந்து நிழலில் உட்காரட்டும், அல்லது வகுப்பிலேயே இருக்கட்டும், உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்கள். மருத்துவர் இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது ஒன்று. அ, ஆ என்று ஆரம்பித்து ஃ வரை எழுதுகிறாள். வலி குறைந்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது இன்னொன்று. இதை மட்டும் அந்த நேரத்தில் செய்ய அனுமதித்தால் உதவியாக இருக்கும். 24-ஆம் தேதி திங்கட்கிழமை கடைசியாகப் பார்க்கிறார்கள். வலி இல்லாமல் ஒற்றைக்காலில் குதிக்க முடிந்தால், முதலில் நேராக மெல்ல ஓட்டம், அப்புறம் வளைவு, கடைசியில் தாண்டுதல் என்று படிப்படியாகத்தான் விட வேண்டும் என்றார். அன்று அவர் எழுதித் தருவதை மறுநாளே கொடுத்தனுப்புகிறேன். அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரும்வரை அவளை ஓடவிட வேண்டாம்.

நேற்றும் இன்றும் அவள் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமையிலிருந்து வருவாள். காலையில் அவள் அப்பா வண்டியில் வாசலில் இறக்கிவிடுவார். எட்டாம் வகுப்பு மாடியில் இருப்பதால் ஒரு தடவை ஏறினால் சாயங்காலம்தான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் கீழே வராமல் வகுப்பிலேயே இருக்க வகுப்பாசிரியை அவர்களிடமும் தனியாகக் கேட்டிருக்கிறேன்.

குறுவட்டப் போட்டிக்கு அவளைத் தயார் செய்ய வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. வரும் வருடம் அதற்கு அவள் நல்ல காலோடு வந்து நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். ஆகவே மேற்கண்ட விலக்கை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. முத்துலட்சுமி

இணைப்பு: 03.02.2025 தேதியிட்ட மருத்துவர் ஆலோசனைச் சீட்டின் நகல், எக்ஸ்ரே அறிக்கை நகல்.

பி.கு.: கட்டு போட்டிருப்பதால் வலது காலுக்குப் பள்ளி ஷூ நுழையவில்லை. வீக்கம் வற்றும்வரை பின்பட்டை உள்ள செருப்பு போட்டு வருவாள். சீருடை பார்க்கும் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீல அணியின் தொடர் ஓட்டக் கட்டை ஒன்று அவள் பையில் இருக்கிறது, புதன்கிழமை கொடுத்துவிடுவாள்.