வினா 14: ஒரு சிறிய கன்வல்யூஷன் வலையின் கணக்கு (16 மதிப்பெண்கள்)

கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கையெழுத்து எண்களை அடையாளம் காணும் வலை ஒன்று கீழே தரப்பட்டுள்ளது. உள்ளீடு 32×32 அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம். கன்வல்யூஷனில் பேடிங் இல்லை, ஸ்ட்ரைட் 1. எல்லா ஃபில்டருக்கும் நியூரானுக்கும் பயாஸ் உண்டு.

```
Conv2d(1, 6, 5)   ReLU  MaxPool2d(2)
Conv2d(6, 16, 5)  ReLU  MaxPool2d(2)
Flatten
Linear(N, 120)    ReLU
Linear(120, 84)   ReLU
Linear(84, 10)
```

ஒரு பெருக்கலும் அதன் விடையைக் கூட்டுவதும் சேர்ந்து ஒரே செயலாக எண்ணப்படும். பயாஸ் கூட்டல், ReLU, பூலிங் ஆகியவற்றைச் செயல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

(அ) படத்தின் அளவு படிப்படியாக மாறுவதைக் காட்டி N-ஐக் காண்க. (2)

(ஆ) ஒவ்வொரு லேயருக்கும் பயிற்சியில் மாறும் பாராமீட்டர்கள் எத்தனை, ஒரு படத்துக்கான பெருக்கிக் கூட்டல்கள் எத்தனை எனக் கணக்கிட்டு, மொத்தமும் தருக. (6)

(இ) பாராமீட்டர்கள் குவியும் இடமும் வேலை குவியும் இடமும் வேறாக இருப்பது ஏன்? (2)

(ஈ) 1998-இல் யான் லெகுன் குழுவினர் விவரித்த லெநெட்-5 வலையில், இரண்டாம் கன்வல்யூஷனின் 16 ஃபில்டர்களில் 6 மட்டும் மூன்று சேனல்களையும், 9 நான்கு சேனல்களையும், ஒன்று ஆறு சேனல்களையும் பார்க்கும். அந்த லேயரில் பாராமீட்டர் எத்தனை? (3)

(உ) "ஒரு 5×5-க்குப் பதில் இரண்டு 3×3 வைத்தால் எப்போதும் மிச்சம்." இரண்டாம் கன்வல்யூஷனை 6→16, 16→16 என இரு 3×3 லேயர்களாக மாற்றி, இக்கூற்றைச் சோதிக்க. (3)

திருத்துவோருக்கான விடைக்குறிப்பு

(அ) 32→28→14→10→5; N = 5×5×16 = 400. பூலிங்கை மறந்தவருக்கு 1 மதிப்பெண் மட்டும். அந்தத் தவறான N-ஐ வைத்து (ஆ)-வை ஒழுங்காகச் செய்திருந்தால் மறுபடி குறைக்க வேண்டாம்.

(ஆ) பாராமீட்டர்கள்: 156, 2,416, 48,120, 10,164, 850, மொத்தம் 61,706. பெருக்கிக் கூட்டல்கள்: 28×28×6×25 = 1,17,600; 10×10×16×150 = 2,40,000; பிறகு 48,000, 10,080, 840; மொத்தம் 4,16,520. லேயருக்கு 1, மொத்தத்துக்கு 1. இரண்டாம் கன்வல்யூஷனுக்கு 16×(25+1) = 416 என்று எழுதுவோர் நிறைய இருப்பார்கள்: ஃபில்டருக்கும் ஆறு சேனல் ஆழம் உண்டு என்பதை விட்டவர்கள். அந்த லேயருக்கு மதிப்பெண் கிடையாது.

(இ) கன்வல்யூஷனில் அதே எடைகள் ஒவ்வோர் இடத்திலும் மறுபடி பயன்படுகின்றன. முதல் லேயரில் மட்டும் 784 இடங்கள். லீனியரில் ஓர் எடைக்கு ஒரே பெருக்கல். ஆகவே சுமார் 4% பாராமீட்டர்கள் சுமார் 86% வேலையைச் செய்கின்றன. சதவீதம் எழுதாவிட்டாலும் காரணம் சரியென்றால் முழு மதிப்பெண்.

(ஈ) 6×76 + 9×101 + 151 = 1,516.

(உ) பாராமீட்டர்கள் 880 + 2,320 = 3,200. வெளியீடு 12×12, பின் 10×10; பெருக்கிக் கூட்டல்கள் 1,24,416 + 2,30,400 = 3,54,816. இரண்டுமே கூடிவிட்டன, கூற்று தவறு. உள்ளே வரும் சேனலும் வெளியேறும் சேனலும் சமமாக இருந்தால்தான் 25-க்கு 18 என்ற மிச்சம் வரும். இங்கே 6 சேனல் 16 ஆன பிறகு இரண்டாம் 3×3 முழு அகலத்தில் ஓடுகிறது. எண் போடாமல் "தவறு" என்று மட்டும் எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை.