சேவை உறுதி ஷீட்: கெடு தேதி எப்படிக் கணக்காகிறது, எதைத் தொடக்கூடாது

சேவைப் பிரிவில் கோரிக்கைகளைப் பதிவு செய்யும் எல்லோருக்கும்,

மார்ச் 2026 முதல் வாடிக்கையாளரிடம் சொல்லும் கெடு தேதியை யாரும் காலண்டரைப் பார்த்து எண்ணிச் சொல்ல வேண்டாம். ஷீட்டின் G நெடுவரிசையில் வரும் தேதிதான் நாம் கொடுக்கும் வாக்கு. பிரிவுக்கேற்ற வார விடுமுறையையும் விடுமுறைப் பட்டியலில் உள்ள நாட்களையும் அது தானே தாண்டிப் போகும். ஆனால் அந்தத் தேதி எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பான தேதி வந்தாலும் கண்ணில் படாது.

முதலில் எண்ணும் முறை. `WORKDAY` ஃபார்முலா தொடக்க நாளைக் கணக்கில் சேர்க்காது. அடுத்த வேலை நாள்தான் அதற்கு முதல் நாள். `NETWORKDAYS` அப்படியில்லை, தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். இந்த ஒரு நாள் வித்தியாசம்தான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். நம் விதி இதுதான்: கோரிக்கை ஏற்கப்பட்ட நாள் பூஜ்ஜியம், மறு வேலை நாள் ஒன்று.

ஷீட்டில் நீங்கள் நிரப்ப வேண்டியவை நான்கே: A-வில் கோரிக்கை எண், B-யில் வந்த தேதியும் நேரமும், C-யில் சேவை வகை, வேலை முடிந்ததும் H-இல் முடித்த தேதி. வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் D-யில் உறுதி நாட்களும் E-யில் வார விடுமுறைக் குறியும் 'வகைகள்' டேபிலிருந்து வந்துவிடும். அணுகல் அனுமதிக்கு 1 நாள், கருவி பழுதுக்கு 3, கணக்குத் திருத்தத்துக்கு 5.

மாலை 3 மணிக்குப் பிறகு வரும் கோரிக்கையை மறு வேலை நாளில் வந்ததாக வைத்துக்கொள்கிறோம். `WORKDAY` நேரத்தைக் கண்டுகொள்ளாது, தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் 3 மணி விதியை நாம்தான் ஃபார்முலாவில் சேர்க்க வேண்டும். 3 மணி தாண்டினால் உறுதி நாட்களோடு ஒன்றைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அது சரிவராது, ஏனென்று ஓர் உதாரணத்தில் பாருங்கள்.

06-03-2026 வெள்ளி மாலை 4:10-க்கு ஒரு பழுதுக் கோரிக்கை வருகிறது. மறுநாள் சனி காலை 10 மணிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் 3 நாள். 11-03 புதன் நம் பட்டியலில் விடுமுறை. ஒன்றைக் கூட்டும் முறையில் வெள்ளிக் கோரிக்கைக்கு 4 வேலை நாள் ஆகி, கெடு 13-03 வெள்ளிக்குப் போகிறது. சனிக் கோரிக்கைக்குத் திங்கள், செவ்வாய், வியாழன் என்று எண்ணி 12-03. முதலில் வந்தவருக்குப் பின்னால், பின்னால் வந்தவருக்கு முன்னால்! இதை எந்த வாடிக்கையாளரிடமும் விளக்க முடியாது.

ஆகவே F-இல் முதலில் 'ஏற்ற நாள்' கணக்காகிறது:

```
=IF(B2="","",WORKDAY.INTL(INT(B2)+(MOD(B2,1)>TIME(15,0,0))-1,1,E2,Holidays))
```

வந்த நாளுக்கு முந்தைய நாளுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வேலை நாளைத் தேடுகிறது. 3 மணி தாண்டியிருந்தால் வந்த நாளிலிருந்தே தேடுகிறது. இதன்படி மேலே சொன்ன இரண்டு கோரிக்கைகளுக்கும் ஏற்ற நாள் 09-03 திங்கள். அதன் பிறகு G:

```
=IF(F2="","",WORKDAY.INTL(F2,D2,E2,Holidays))
```

செவ்வாய், வியாழன், வெள்ளி. இரண்டுக்குமே 13-03. அதே வெள்ளியன்று மதியம் 2 மணிக்கு வந்திருந்தால் அன்றே ஏற்ற நாளாகி, கெடு 12-03 ஆகியிருக்கும். தொடக்கத்தில் உள்ள `IF(B2="","",...)` பகுதியை நீக்காதீர்கள். அது போனால் காலி வரிசைகளில் பிழைச் செய்திகள் வந்து நிற்கும்.

இனி E நெடுவரிசை. அலுவலகப் பிரிவுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. களப்பணிப் பிரிவுக்கு ஞாயிறு மட்டும். இதை ஏழு இலக்கங்களில் குறிக்கிறோம், திங்களில் தொடங்கி. 0 வேலை நாள், 1 விடுமுறை. அலுவலகத்துக்கு `0000011`, களப்பணிக்கு `0000001`. இந்தக் குறி எழுத்தாக இருக்க வேண்டும், எண்ணாக இருக்கவே கூடாது. 'வகைகள்' டேபில் புது வகை சேர்ப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். சாதாரண செல்லில் `0000011` என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய் 11 ஆகிவிடும். இந்த ஃபார்முலாவில் 11 என்ற எண்ணுக்குப் பொருள் ஞாயிறு மட்டும் விடுமுறை. `0000001` என்பது 1 ஆகும். 1 என்றால் சனி, ஞாயிறு. அதாவது இரண்டு பிரிவுகளும் அப்படியே இடம் மாறிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்த நெடுவரிசையை Text வடிவத்தில் வைத்திருக்கிறேன். வேறு இடத்திலிருந்து ஒட்டினால் வடிவம் மாறலாம், எனவே கையால் அடியுங்கள்.

மாதத்தில் சில சனிக்கிழமைகள் மட்டும் விடுமுறை என்ற பிரிவு வந்தால் அதற்குக் குறி கிடையாது. ஞாயிறு மட்டும் விடுமுறை என்று வைத்து, அந்தச் சனிக்கிழமைகளையும் பொது விடுமுறைகளையும் சேர்த்துத் தனி விடுமுறைப் பட்டியலாக்கி, அந்தப் பிரிவின் ஃபார்முலாக்களில் `Holidays` இருக்கும் இடத்தில் அதைக் குறிக்க வேண்டும்.

விடுமுறைப் பட்டியல் தனி டேபில் இருக்கிறது, அதற்கு `Holidays` என்று பெயர் வைத்திருக்கிறேன். அதில் ஒரு விடுமுறை ஞாயிறன்று விழுந்தாலும் கவலையில்லை, இரண்டு முறை கழியாது. கவலைப்பட வேண்டியது தேதி அடிக்கும் விதத்தைப் பற்றி. மாதத்தை முதலில் வைக்கும் அமைப்புள்ள கணினியில் 13/03/2026 வெறும் எழுத்தாக நின்றுவிடும். 11/03/2026 அதைவிட மோசம்: நவம்பர் 3 ஆகி, நல்ல தேதி போலவே தெரியும். முதல் வகைப் பிழையை இது பிடிக்கும். விடை 0 வர வேண்டும்:

```
=COUNTA(Holidays)-COUNT(Holidays)
```

இரண்டாவதைக் கண்தான் பிடிக்க வேண்டும். அதற்காகவே பட்டியலின் வடிவத்தை `ddd dd-mmm-yyyy` என்று வைத்திருக்கிறேன். கிழமையும் மாதப் பெயரும் தெரிவதால் படித்துப் பார்த்தாலே தப்பு புலப்படும். ஒவ்வொரு தேதியையும் அடித்தவுடன் படித்துப் பாருங்கள்.

தாமதம் I-யில்:

```
=IF(H2="","",IF(INT(H2)<=G2,0,MAX(1,NETWORKDAYS.INTL(G2,H2,E2,Holidays)-1)))
```

கெடு வெள்ளி, வேலை முடிந்தது சனி என்றால் வேலை நாள் கணக்கில் தாமதம் பூஜ்ஜியமாக வரும். ஆனால் வெள்ளிக்குள் தருகிறோம் என்றுதான் சொன்னோம். அதனால் `MAX` போட்டு ஒரு நாள் தாமதமாகவே காட்டுகிறேன். நம் கணக்கு வாடிக்கையாளரின் அனுபவத்தோடு ஒத்துப்போக வேண்டும், மாத அறிக்கை கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

தேதியை வாடிக்கையாளரிடம் சொன்ன கணமே அந்த G செல்லை நகலெடுத்து, Paste Special மூலம் Values ஆக அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். நடுவில் புதிதாக ஒரு விடுமுறை சேர்த்தால் கணக்கில் அந்த நாள் வரும், ஃபார்முலா உள்ள எல்லாத் தேதிகளும், பழையவை உட்பட, சத்தமில்லாமல் நகரும். நேற்று 13 என்று வாக்குக் கொடுத்துவிட்டு இன்று ஷீட்டில் 16 என்று இருந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிந்தது 13 மட்டுமே. வாக்கை மாற்ற வேண்டிய நிலை வந்தால் அவரிடம் பேசிவிட்டு, பிறகு செல்லை மாற்றுங்கள்.

கடைசியாக ஆண்டு இறுதி. டிசம்பர் கடைசியில் வரும் 5 நாள் கோரிக்கையின் கெடு ஜனவரியில் விழும். அடுத்த ஆண்டு விடுமுறைகள் பட்டியலில் இல்லையென்றால் அவை வேலை நாட்களாகவே எண்ணப்படும். முதல் டேபின் K1 செல்லில் இது இருக்கிறது:

```
=IF(MAX(G:G)>MAX(Holidays),"விடுமுறைப் பட்டியலை நீட்டவும்","")
```

அந்த வாசகம் தெரிந்தால், அடுத்த ஆண்டுப் பட்டியல் ஏறும் வரை புதிய கெடு தேதி எதையும் வெளியே சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள், அன்றே ஏற்றிவிடுகிறேன்.