திருமண அழைப்பு: அபிராமி – கார்த்திகேயன்

உ
தாணுமாலயன் துணை

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் பராபவ ஆண்டு, கொல்லம் 1202 ஆவணி மாதம் 7-ஆம் தேதி (23.08.2026) ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.00 மணிக்குள்,

தேரூர் அமரர் நா. மாதவன் – திருமதி மா. சரஸ்வதி தம்பதியரின் இளைய மகள்
திருநிறைச்செல்வி மா. அபிராமிக்கும்,

தக்கலை திரு. வே. சுப்பிரமணியன் – அமரர் சு. கமலம் தம்பதியரின் மூத்த மகன்
திருநிறைச்செல்வன் சு. கார்த்திகேயனுக்கும்

பெரியோர்கள் நிச்சயித்தபடி தேரூரில் எங்கள் வீட்டுப் பந்தலில் திருமணம் நடைபெற இருக்கிறது. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.

தங்கள் நல்வரவை விரும்பும்,
திருமதி மா. சரஸ்வதி (மணமகளின் தாயார்)
நா. குமரேசன் – கு. லதா (சித்தப்பா, சித்தி)
ஆ. தங்கராஜ் – த. வசந்தா (தாய்மாமா, மாமி), பூதப்பாண்டி
சி. செந்தில் – செ. கல்யாணி (அத்தான், அக்கா)

மணமகன் வீட்டாருடன் சேர்ந்து அழைக்கும்,
வே. சுப்பிரமணியன் (மணமகனின் தந்தை)
ம. ராஜம் (மணமகனின் சித்தி)

---

(சொந்தங்களுக்கு, உள்தாளில்)

அன்புள்ள சொந்தங்களுக்கு,

அழைப்பிதழில் அபிராமி அப்பா பெயர் மகளோடு சேர்ந்து வருகிறது, அழைப்பவர்கள் பட்டியலில் இல்லை. 2023 பங்குனியில் அவர் போய்விட்டார். பந்தல் வாசலில் நின்று உங்களைக் கைகூப்பி வரவேற்க அவருக்கு முடியாது. ஆனால் அவள் அவருடைய மகள் என்பது என்றைக்கும் மாறாது. அதனால்தான் பெயரை அங்கே வைத்தேன். கமலம் அக்கா பெயரையும் சம்பந்தி வீட்டில் அப்படியே வைக்கச் சொன்னார்கள்.

அச்சகத்தில் இருந்து முதலில் வந்த ப்ரூஃபில் அவர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘லேட்’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அபிராமி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு ‘அமரர்’ என்று எழுதினாள். படம் போடலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கல்யாணம் முடிந்ததும் அழைப்பிதழ் எங்கெங்கோ கிடக்கும், அதில் அவர் முகம் இருக்க வேண்டாம். படம் பந்தலுக்கு உள்ளே, பூஜை அறை வாசலில் மாலையோடு இருக்கும். தாலி கட்டியதும் பிள்ளைகள் இருவரும் முதலில் அங்கேதான் கும்பிடுவார்கள்.

என் பெயர் முதலில் வருவதைச் சிலர் யோசிக்கலாம். பெரியவர் ஒருவர், “குமரேசன் பேரைப் போடும்மா, ஆண்பிள்ளை அழைத்தால்தான் சரி” என்றார். அதற்குக் குமரேசனே, “மைனி, இது அண்ணன் வீட்டுக் கல்யாணம். நீங்கதான் அழைக்கணும், நான் பக்கத்தில் நிற்பேன்” என்று சொல்லிவிட்டான். தாரை வார்த்துக் கொடுப்பது அவனும் லதாவும்தான். அதில் எனக்கு நிறைந்த மனது.

வீடு வீடாக வந்து அழைக்கத்தான் ஆசை. அவர் எழுதிய நீல அட்டை நோட்டு என்னிடம் இருக்கிறது. கல்யாணிக்குக் கல்யாணம் நடந்தபோது, அழைக்க வேண்டிய வீடுகளை எல்லாம் வழியோடு குறித்திருந்தார்: ‘பறக்கை, ஆலமரத்துக்கு எதிர் வீடு, நாய் உண்டு.’ அந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போதும் விலாசம் எழுதுகிறேன். யாரையாவது விட்டிருந்தால் என் மறதி என்று எண்ணி, இதையே நேரில் வந்த அழைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதாரக் கேட்கிறேன். என்னைப் போல் துணையை இழந்த அக்கா, தங்கச்சி, மைனிமார் யாரும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டாம். முன்வரிசையில் உட்காருங்கள். தாலி ஆசீர்வாதத்துக்குத் தட்டு வரும்போது உங்கள் கையும் அதில் பட வேண்டும். சம்பந்தியிடமும் சொல்லியாயிற்று, அவருக்கும் அதில் சந்தோஷம். கமலம் அக்கா இடத்தில் மருமகளுக்கு ஆரத்தி எடுப்பது ராஜம் சித்திதான்.

அப்புறம், சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள். காய் வெட்ட ஆள் வேண்டும். அவியலுக்கும் எரிசேரிக்கும் கைகள் எத்தனை இருந்தாலும் போதாது. அரிவாள்மணை இருப்பவர்கள் கொண்டு வந்தால் உதவி. மறுநாள் பந்தியில் ரசவடையும், மட்டிப்பழமும் பப்படமும் சேர்த்துப் பிசைய அடைப்பிரதமனும் உண்டு. அது அவர் சொல்லி வைத்துவிட்டுப் போன சாப்பாடு.

எதிர்பார்த்திருக்கும்,
மா. சரஸ்வதி
தேரூர்