ஜல்லிக்கட்டுத் தலையங்கம், செய்தி நடையில்

தம்பி, தலையங்கத்தைச் செய்தியாக மாற்றிவிட்டேன். ஆசிரியர் எழுதியது முதலில்:

"தமிழன் வென்றான்! ஐயாயிரம் ஆண்டு மரபைக் குழிதோண்டிப் புதைக்க நினைத்த போலி விலங்கு நேசர்களின் கன்னத்தில் உச்ச நீதிமன்றம் பளாரென்று அறைந்திருக்கிறது. ஜல்லிக்கட்டு நம் பண்பாடு என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனியும் குறை சொல்பவன் தமிழனே அல்ல."

இனி அச்சுக்குப் போக வேண்டியது:

ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும்: உச்ச நீதிமன்றம்

புது தில்லி, மே 18, 2023: ஜல்லிக்கட்டை அனுமதித்து 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் செல்லும் என்று, நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தின் எருமைப் பந்தயமான கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கான திருத்தங்களும் செல்லும் என அமர்வு கூறியது.

திருத்தமும் அதன் விதிகளும் காளைகளின் வலியையும் துன்பத்தையும் பெருமளவு குறைக்கின்றன என்பது அமர்வின் கருத்து. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதியா என்பதை நீதிமன்றம் தானாக ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. பண்பாட்டு மரபு என்று சட்டமன்றம் அறிவித்திருப்பதால், அதற்கு மாறான நிலையை எடுக்கப்போவதில்லை என்றது.

போட்டிக்கான உடலமைப்பு காளைகளுக்கு இல்லை, விதிகள் போட்டாலும் கொடுமை தொடரும் என்பது மனுதாரர்களான விலங்கு நல அமைப்புகளின் வாதம். நாட்டு மாட்டினங்களைக் காக்கவும் மரபைப் பேணவும் போட்டி உதவுகிறது என்று மாநில அரசு வாதிட்டது.

முன்னதாக 2014 மே 7-இல் இரு நீதிபதிகள் அமர்வு, 2009-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தை ரத்து செய்து ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரை உட்படப் பல இடங்களில் போராட்டம் நடந்தது. அதையடுத்து அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, ஜனவரி 23 அன்று பேரவையில் திருத்த மசோதா நிறைவேறியது.

அவ்வளவுதான். 'போலி நேசர்கள்' இப்போது 'மனுதாரர்கள்' ஆகிவிட்டார்கள். 'ஐயாயிரம் ஆண்டு' போய்விட்டது. கலித்தொகையில் ஏறுதழுவுதல் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் அது இந்தச் செய்திக்கு வேண்டியதில்லை. நான் அதிக நேரம் உட்கார்ந்தது பண்பாடு பற்றிய பத்தியில்தான். 'ஒப்புக்கொண்டுவிட்டார்கள்' என்பது வெறும் சூடான நடை அல்ல, தப்பு. நடையை மட்டும் ஆற்றி, "நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது" என்று போட்டிருந்தால் நடுநிலை மாதிரி தெரிந்திருக்கும், தப்பு அப்படியே நின்றிருக்கும்.

ஆசிரியர் கோபித்துக்கொண்டால் தலையங்கப் பக்கம் அவருடையதுதான் என்று சொல்லிவிடுங்கள். இது முதல் பக்கத்துக்கு. படத்துக்கு மாலை போட்ட காளை வேண்டாம், நீதிமன்றக் கட்டடம் போதும்.