சம்பா வேலை, அம்மா கண் ஆபரேஷன்: ஐந்து கேள்விகள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்

அண்ணா,

நேற்று ராத்திரி அனுப்பிய மெயிலை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். நீங்கள் "சரி, செய்" என்று பதில் போட்டிருந்தீர்கள். எதைச் செய்ய என்று எனக்கே புரியவில்லை. இதில் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். எண்ணைப் போட்டு ஒரு வரி எழுதினால் போதும்.

1. விதை
பாமணி ஆற்றுப் பக்கம் உள்ள ஒன்பது மாவுக்கு எந்த ரகம்? போன தடவை பொன்னி போட்டு, ஐப்பசி மழையில் எட்டு நாள் தண்ணீர் நின்று பயிர் அழுகியது உங்களுக்கே தெரியும். சி.ஆர். 1009 சப் 1 என்றால் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் வயது 155 நாள், அரிசியும் குண்டு. சாப்பாட்டுக்குப் பொன்னிதான் வேண்டும் என்று அண்ணி சொன்னால் மேட்டு வயல் மூன்று மாவில் அதைப் போட்டுக்கொள்ளலாம். பள்ளத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம்.
பதில்: "1009" அல்லது "பொன்னி". வெள்ளிக்கிழமைக்குள் தகவல் இல்லையென்றால் 1009 வாங்கிவிடுவேன்.

2. உழவுக் கூலி
டிராக்டருக்கும் வரப்பு வெட்டவும் சேர்த்து 14,000 ரூபாய். என் கணக்குக்கே அனுப்புங்கள்.
பதில்: எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்?

3. கையெழுத்து
பட்டா கூட்டாக இருப்பதால், பயிர்க்கடனுக்கு உங்கள் சம்மதக் கடிதம் வேண்டும் என்கிறார்கள் சொசைட்டியில். ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்க மாட்டார்களாம், அசல்தான் வேண்டுமாம். கடிதத்தை எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் போடுங்கள்.
பதில்: "போட்டாச்சு", கூடவே ஸ்பீட் போஸ்ட் எண்.

4. மோட்டார்
காயில் எரிந்துவிட்டது. திரும்பக் கட்ட 6,500 கேட்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கட்டியதுதான். புதிது வாங்கினால் செலவு நாலைந்து மடங்கு. ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை அவசரமில்லை, ஆனால் முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம்.
பதில்: "கட்டு" அல்லது "புதுசு". இதற்கு மட்டும் மாதக் கடைசி வரை யோசிக்கலாம்.

5. அம்மா
வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். தஞ்சாவூரில் ஆபரேஷனுக்கு அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டும் தருகிறார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். நான் இருந்தால் போதும் என்று அம்மா சொல்கிறார், ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார்.
பதில்: எந்தச் சனிக்கிழமை வருவீர்கள்? இதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பெயர் பதிய வேண்டும்.

பயிர்க் காப்பீட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நான்தான் அலைய வேண்டும், அதில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

தம்பி
மன்னார்குடி